ஐந்து லெட்ஜர், எத்தனை பார்ட்டி?

ஒரு நிறுவனத்துக்குச் சரக்கோ வேலையோ தருகிறவரின் பெயர் பில்லுக்குப் பில் வேறு எழுத்தில் வந்தால், கணக்கு மென்பொருள் அவரை வேறு வேறு ஆளாகவே எடுத்துக்கொள்ளும். ‘Sri Velmurugan Printing’ ஒரு லெட்ஜர். ‘SRI VEL MURUGAN PRINTERS’ இன்னொரு லெட்ஜர். படிக்கிற மனிதருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், கணினிக்குத் தெரியாது. இப்படிச் சிதறிக் கிடக்கும் பெயர்களில் எவையெவை ஒரே சப்ளையருடையவை என்று கண்டுபிடித்து, அவற்றை ஒரே பதிவின் கீழ் கொண்டுவருவது கணக்குப் பிரிவில் நடக்கும் ஒரு தனி வேலை. எழுத்துப் பிழை திருத்துகிற வேலை போல இது தோன்றும். உண்மையில், யார் யார் என்பதற்குச் சான்று தேடுகிற வேலை. தேடும்போது பெயருக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது, எண்ணுக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கணிப்பில்தான் வேலை நன்றாக முடிவதும் கெடுவதும் இருக்கிறது.

பெயர்கள் சிதறுவதற்குத் தமிழ்நாட்டில் ஒரு தனிக் காரணம் உண்டு. கடைப்பெயர்களில் பெரும்பாலானவை தமிழ்ப் பெயர்கள். பில் அச்சாவதோ ஆங்கில எழுத்தில். தமிழில் ‘த’ என்ற ஒரே எழுத்து இடத்துக்குத் தக்கபடி இரண்டு விதமாக ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் அதற்கு t, th, d, dh என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ‘க’வுக்கு k, g, ‘ப’வுக்கு p, b, ‘ழ’வுக்கு zh, l என்று இந்தத் தேர்வு தொடரும். எனவே தண்டபாணி என்ற பெயர் Dhandapani, Thandapani, Dandapani என்றெல்லாம் பில்லில் வரும். லட்சுமி என்றால் Lakshmi, Laxmi, Letchumi. ஸ்ரீ என்ற முன்னொட்டு மட்டுமே Sri, Shri, Shree, Sree என நான்காகும். இதில் எதுவும் பிழை இல்லை. ஒவ்வொருவரும் தமக்குப் பழகிய எழுத்தில் எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

இதன்மேல் அலுவலகப் பழக்கங்களும் சேர்கின்றன. பில் பதிகிறவர் லெட்ஜர் பட்டியலில் பெயரைத் தேடுவார். முதல் நான்கு எழுத்தில் கிடைக்காவிட்டால் புதிதாக ஒன்றைத் திறந்துவிடுவார். மாதக் கடைசியில் நூறு பில் குவிந்திருக்கும்போது அதுதான் வேகமான வழி. சப்ளையரும் பில் புத்தகம் தீர்ந்து புதிதாக அச்சடிக்கையில் ‘Printing’ என்பதை ‘Printers’ என்று மாற்றியிருப்பார். அவசரத்தில் வரும் பில் வாட்ஸ்அப் படமாக வரும், அதில் மேல்வரி பாதி மறைந்திருக்கும். சில ஆண்டுகளில் சப்ளையர்களின் எண்ணிக்கையைவிட லெட்ஜர்களின் எண்ணிக்கை கூடிவிடுகிறது.

இதனால் என்ன நஷ்டம் என்பதைத் திருப்பூர் பின்னலாடைத் தொழிலை வைத்துப் பார்க்கலாம். அங்கே ஒரு பனியன் கம்பெனி எல்லா வேலையையும் தன் கூரையின் கீழ் செய்வதில்லை. துணியைத் தானே கொடுத்து, சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி என்று ஒவ்வொன்றையும் வெளியே ஜாப் ஒர்க்காகச் செய்து வாங்குகிறது. அதனால் சிறிய தொகைக்குப் பல பில்கள், பல கைகளிலிருந்து வரும். கற்பனையாக அப்படி ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 2024–25 நிதியாண்டுக் கணக்கை முடிக்கையில், பிரிண்டிங் கணக்கில் அதன் பட்டியல் இப்படி இருக்கிறது. தொகைகள் ஜிஎஸ்டி நீங்கலானவை. எண்களும் இந்த விளக்கத்துக்காக அமைத்தவை.

```
1  Sri Velmurugan Printing      33AAAPV0000A1ZT   46,000
2  SRI VEL MURUGAN PRINTERS     (காலி)            27,500
3  Shree Velmurugan Prints      33AAAPV000OA1ZT   18,000
4  S.V.M. Printing              (காலி)            31,500
5  Sri Velmurugan Printing-New  33AAAFS0000B1ZF   62,000
```

ஐந்தையும் கண்ணால் பார்த்தால் ஒரே ஆள் என்று தோன்றும். ‘எல்லாம் நம்ம வேல்முருகன் பிரிண்டிங்தான்’ என்று மேலாளரும் சொல்லக்கூடும். அதை நம்பி ஐந்தையும் ஒன்றாக்கினால் தப்பாகிவிடும். ஐந்தையும் அப்படியே விட்டாலும் தப்புதான்.

முதலில், விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். அந்த நிதியாண்டுக்குப் பொருந்திய 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவுப்படி, ஜாப் ஒர்க் போன்ற ஒப்பந்த வேலைக்குப் பணம் தரும் கம்பெனி டிடிஎஸ் பிடிக்க வேண்டும். ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினால் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பில்லும் அதற்குக் கீழே இருந்தாலும், ஒரே ஆளுக்கு ஆண்டு மொத்தம் 1,00,000 ரூபாயைத் தாண்டினால் அப்போதும் பிடிக்க வேண்டும். தனிநபருக்கு 1 சதவீதம், கூட்டு நிறுவனத்துக்கு 2 சதவீதம். மேலே உள்ள பட்டியலில் எந்தப் பில்லும் 30,000 ரூபாயைத் தொடவில்லை என்று கொள்வோம். எந்த லெட்ஜரும் தனியாக ஒரு லட்சத்தைத் தொடவில்லை. ஆகவே மென்பொருள் எச்சரிக்கவில்லை, டிடிஎஸ் பிடிக்கப்படவும் இல்லை. ஆனால் சட்டம் லெட்ஜரைக் கணக்கில் எடுப்பதில்லை. அது ஆளைத்தான் பார்க்கிறது. முதல் நான்கும் ஒரே ஆள் என்றால் மொத்தம் 1,23,000. வரம்பு தாண்டிவிட்டது.

பிடிக்கத் தவறிய வரி 1,230 ரூபாய்தான். ஆனால் அதோடு முடிவதில்லை. பிடிக்காத காலத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி உண்டு. அதைவிடப் பெரிது, டிடிஎஸ் பிடிக்காத செலவில் 30 சதவீதத்தைச் செலவாக ஏற்க மறுக்கும் விதி. 1,23,000இல் அது 36,900 ரூபாய். அந்தத் தொகை லாபத்தோடு கூட்டப்பட்டு அதன்மேல் கம்பெனி வருமான வரி கட்ட நேரும். இது ஒரு சப்ளையருக்கான கணக்கு மட்டும்.

இனி அந்த ஐந்தையும் பிரித்தறியும் வேலைக்கு வரலாம். அனுபவமுள்ளவர்கள் பெயரிலிருந்து தொடங்க மாட்டார்கள், எண்ணிலிருந்துதான் தொடங்குவார்கள். இந்தியாவில் இதற்கு வாய்ப்பான எண் ஜிஎஸ்டி எண். 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்த 15 இலக்க எண்ணில், முதல் இரண்டும் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த ஆளின் பான் எண். பதின்மூன்றாவது, அதே பான் எண்ணில் அந்த மாநிலத்துக்குள் இது எத்தனையாவது பதிவு என்பது. பதினான்காவது வழக்கமாக Z. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு.

பான் எண்ணுக்குள்ளும் சேதி இருக்கிறது. அதன் நான்காவது எழுத்து, வைத்திருப்பவர் யார் வகை என்று சொல்லும்: P என்றால் தனிநபர், F என்றால் கூட்டு நிறுவனம், C என்றால் கம்பெனி, H என்றால் இந்துக் கூட்டுக் குடும்பம். எக்செல்லில் ஜிஎஸ்டி எண் B நெடுவரிசையில் இருந்தால், பான் எண்ணைப் பிரித்தெடுக்க இது போதும்:

```
=MID(B2,3,10)
```

பிறகு பான் எண்படி வரிசைப்படுத்தினால், ஒரே பான் எண் இரண்டு லெட்ஜரில் இருப்பது உடனே தெரிந்துவிடும். பெயரை ஒப்பிடாமலே தீர்ந்துவிடுகிற பகுதி இது. நாளாக நாளாகக் குழம்பிய பட்டியலிலும் கணிசமான பகுதி இதிலேயே ஒழுங்காகிவிடும். வேறு மாநிலக் கிளையின் பில்லும் இங்கேதான் பிடிபடும். ஒரே கம்பெனி தமிழ்நாட்டிலிருந்து 33 என்றும் கர்நாடகத்திலிருந்து 29 என்றும் தொடங்கும் எண்ணில் பில் அனுப்பும். நடுவில் உள்ள பத்து இலக்கம் ஒன்றாகவே இருக்கும். டிடிஎஸ் கணக்குக்கு இருவரும் ஒருவரே. ஜிஎஸ்டி கணக்குக்கு அவை இரண்டு பதிவுகள். அதனால் ஒரு சப்ளையர் பதிவு, அதன் கீழ் இரண்டு ஜிஎஸ்டி எண் என்று வைப்பதே சரி.

பட்டியலில் மூன்றாவது லெட்ஜர் இந்தச் சல்லடையில் விழாமல் தப்பிவிடும். அதன் எண்ணை முதல் எண்ணோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிவதே கஷ்டம். பதினோராவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் O என்ற எழுத்து விழுந்திருக்கிறது. இத்தகைய பிழைக்காகத்தான் கடைசி இலக்கம் இருக்கிறது. ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு மதிப்பு: 0 முதல் 9 வரை அதே மதிப்பு, A முதல் Z வரை 10 முதல் 35. முதல் 14 இடங்களையும் மாறி மாறி 1, 2 என்று பெருக்க வேண்டும். ஒவ்வொரு பெருக்குத் தொகையையும் 36ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டி, எல்லாவற்றையும் மொத்தமாக்க வேண்டும். முதல் லெட்ஜரின் எண்ணுக்கு மொத்தம் 151. அதை 36ஆல் வகுத்தால் மீதி 7. 36இலிருந்து 7 போனால் 29. 29 என்பது T. எண்ணின் கடைசியிலும் T இருக்கிறது, சரி. மூன்றாவது லெட்ஜரின் எண்ணில் O புகுந்ததால் 24 கூடி மொத்தம் 175 ஆகிறது, மீதி 31, கடைசி இலக்கம் 5 ஆக வேண்டும். ஆனால் T இருக்கிறது. ஆக, எண் தவறு. ஓர் இடத்தில் மட்டும் தவறு நேர்ந்தால் இந்தச் சோதனை அதைத் தப்பவிடாது. பக்கத்துப் பக்கத்து எழுத்து இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். எண் சரியான அமைப்பில் இருக்கிறது என்பதற்கு மட்டுமே இது சான்று. அது இந்தச் சப்ளையருடைய எண்தானா என்பதை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அங்கே சட்டப்படியான பெயரும் வணிகப் பெயரும் தனித்தனியே காட்டப்படும். தனிநபர் தொழிலில் சட்டப்படியான பெயர் உரிமையாளரின் பெயராக இருக்கும். கடைப்பெயர் வணிகப் பெயராக வரும். பில்லில் ஒரு பெயரும் வங்கிக் கணக்கில் வேறொரு பெயரும் வருவது இதனால்தான்.

தப்பான ஜிஎஸ்டி எண்ணுக்கு இன்னொரு விலையும் உண்டு. கம்பெனிக்கு மாதந்தோறும் வரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில், சப்ளையர்கள் ஏற்றிய பில்கள் ஜிஎஸ்டி எண்படியே வரும். மூன்றாவது லெட்ஜரில் பதிந்த பில், புத்தகத்தில் இருக்கும் 2பியில் இல்லை என்று ஒரு பக்கம் நிற்கும். 2பியில் இருக்கும் புத்தகத்தில் இல்லை என்று மறுபக்கமும் நிற்கும். உண்மையில் இரண்டும் ஒரே பில்.

எண் இல்லாத லெட்ஜர்களுக்குத்தான் பெயரை நாட வேண்டும். அதற்கு முன், பெயரை ஒரு பொது வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாம் பெரிய எழுத்து, புள்ளி இல்லை, இடைவெளி ஒன்றே ஒன்று, ‘&’ என்றால் ‘AND’. எக்செல்லில் அது இப்படி:

```
=TRIM(UPPER(SUBSTITUTE(SUBSTITUTE(A2,"."," "),"&"," AND ")))
```

மூலப் பெயர் இருக்கும் நெடுவரிசையைத் தொடக்கூடாது. இது பக்கத்தில் இன்னொரு நெடுவரிசையில்தான் உருவாக வேண்டும். பில்லில் உள்ளபடியான பெயர் பிறகு சான்றாகத் தேவைப்படும்.

அடுத்தது ஒலிப்படிச் சுருக்குதல். மேல்நாட்டில் இதற்காக 1918இலேயே காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் என்ற முறை இருக்கிறது. பல மென்பொருள்களில் இப்போதும் கிடைக்கிறது. தமிழ்ப் பெயர்களுக்கு அது அவ்வளவாக உதவாது. முதல் எழுத்தை அது அப்படியே வைத்துக்கொள்வதால் Thandapani, Dandapani இரண்டும் வெவ்வேறு குறியீடு பெறும். Azhagu, Alagu இரண்டும் அதற்கு வேறு வேறு. ஆங்கிலக் குடும்பப் பெயர்களை மனதில் வைத்துச் செய்த முறையிடம் வேறு எதையும் எதிர்பார்க்க முடியாது. தமிழ்நாட்டுப் பட்டியலுக்குத் தமிழ் ஒலியை வைத்தே விதி எழுதிக்கொள்வது நல்லது: th, dh, d, t எல்லாம் T, g, k எல்லாம் K, b, p எல்லாம் P, zh, l இரண்டும் L, ee என்றால் I, இரட்டை எழுத்து ஒற்றையாகும். இப்படிச் செய்தால் Dhandapani, Thandapani, Dandapani மூன்றும் TANTAPANI என்று ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். லட்சுமி போன்ற சில பெயர்களுக்கு விதி போதாது. கைப்பட ஒரு சிறு பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த விதிகள் கொஞ்சம் கூடுதலாகவே சேர்த்துவிடும். Valli Tex, Vaali Tex இரண்டும் VALI TEX ஆகிவிடும். வள்ளியும் வாலியும் ஒன்றல்ல. அதைவிட ஆபத்து இனிஷியல்களில். K.P. Knits, K.B. Knits என்ற இரண்டு பெயர்களில் P, B வித்தியாசம் ஒலி வித்தியாசம் அல்ல. அவை வேறு வேறு மனிதர்களின் பெயருக்கு முதலெழுத்துகள். ஒலி விதியை முழுப் பெயருக்கு மட்டுமே போட வேண்டும், இனிஷியலில் கைவைக்கக் கூடாது.

விதிகளுக்குப் பிறகும் எழுத்து விடுபட்டவை, கூடியவை மிஞ்சும். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணும் முறை அதற்குப் பயன்படும். 1965இல் சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் வகுத்தது அது. VELMURUGAN, VELMURGAN இரண்டுக்கும் தூரம் 1. ஆனால் KP KNITS, KB KNITS இரண்டுக்கும் தூரம் 1தான். ஒன்றில் தூரம் 1 என்பது தட்டச்சுப் பிழை. மற்றதில் அது வேறு கம்பெனி. எத்தனை எழுத்து மாறியது என்பதோடு, எந்த எழுத்து மாறியது என்பதையும் பார்த்தால்தான் இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. நீளமான பெயரில் ஓர் எழுத்து மாறுவதைவிடக் குட்டிப் பெயரில் மாறுவது பெரிய மாற்றம்.

சொல்லுக்குச் சொல் எடையும் வேறுபடும். ‘Sri’, ‘Traders’, ‘Tex’ எல்லாம் பட்டியலில் நூற்றுக்கணக்கான பெயர்களில் வருபவை. அவை பொருந்துவதால் எதுவும் தெரியாது. முருகன் பெயரும் அம்மன் பெயரும் கொங்கு நாட்டில் எத்தனையோ பலகைகளில் இருக்கின்றன. அவை பொருந்துவதாலும் பெரிதாகத் தெரியாது. அபூர்வமான ஒரு பெயர் இரண்டு லெட்ஜரில் வந்தால் அதுதான் பொருட்படுத்தத் தக்க செய்தி. அதே சமயம், அடிக்கடி வருகிறது என்பதற்காகத் தொழில் சொல்லை வெட்டி எறிந்துவிடவும் கூடாது. Sri Murugan Dyeing, Sri Murugan Printing இரண்டிலும் வேறுபடுவது அந்த ஒரு சொல்தான். அதைத் தனி நெடுவரிசையில் ஒதுக்கி வைத்துக்கொள்வதே முறை.

1,500 லெட்ஜர் உள்ள பட்டியலில் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் 11,24,250 ஜோடிகள் வரும். கணினிக்கு அது முடியும். வெளிவரும் ஆயிரக்கணக்கான சந்தேக ஜோடிகளைப் பார்த்து முடிவெடுக்க மனிதரால் முடியாது. அதனால் ஒரே பின்கோடு, ஒரே தொழில், ஒலி வடிவத்தில் ஒரே முதல் எழுத்து என்று ஏதாவது ஒன்று பொதுவாக உள்ளவற்றை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள். பின்கோடு தவறாகப் பதிந்திருந்தால் அந்த ஜோடி கண்ணிலேயே படாது. எனவே ஒரு தடவை பின்கோடுபடியும், இன்னொரு தடவை முதல் எழுத்துப்படியும் என்று இரண்டு சுற்றாகப் பார்ப்பது பாதுகாப்பு.

முடிவில் எல்லா ஜோடிகளும் மூன்று குவியலாகும்: நிச்சயமாக ஒன்று, நிச்சயமாக வேறு, இரண்டும் கெட்டான். கனடாவின் புள்ளிவிவரத் துறையைச் சேர்ந்த ஐவன் ஃபெல்லேகியும் ஆலன் சன்டரும் 1969இல் இந்த மூன்றுக்கும் கணித அடிப்படை வகுத்தார்கள். நடுக் குவியலைக் கணினி தீர்க்கக் கூடாது, மனிதர் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் முறையிலேயே இருக்கிறது. பில் கணக்கில் அந்த நடுக் குவியலுக்குச் சான்று தருபவை மற்ற விவரங்கள்: கைபேசி எண், முகவரி, வங்கிக் கணக்கு எண், அசல் பில்.

நம் பட்டியலில் இரண்டாவது லெட்ஜருக்கு எண் இல்லை. ஃபைலைத் திறந்து அசல் பில்லை எடுத்தால், மேல்மூலையில் 33AAAPV0000A1ZT என்று அச்சாகியிருக்கிறது. பதிந்தவர் அதைத் தட்டச்சு செய்யவில்லை, அவ்வளவுதான். அது முதல் லெட்ஜர்காரரே. பெயரில் வேல் தனியாகவும் முருகன் தனியாகவும் இருந்ததற்கு எந்த முக்கியத்துவமும் இல்லை. நான்காவது லெட்ஜரான S.V.M. Printing, எந்த எழுத்துக் கணக்கிலும் Sri Velmurugan Printing பக்கம் வராது. சுருக்கப் பெயரைத் தூரக் கணக்கு கண்டுபிடிக்காது. ஆனால் பணம் போன வங்கிக் கணக்கு எண்களை வரிசைப்படுத்தியபோது, முதல் லெட்ஜரின் கணக்கும் இதன் கணக்கும் ஒன்று என்று தெரிந்தது. இது வலுவான சான்று, முடிவான சான்று அல்ல. ஒரே வீட்டில் இருவர் தொழில் செய்து ஒரே கணக்கில் பணம் வாங்குவதும் உண்டு. சப்ளையரைக் கேட்டு, எழுத்தில் உறுதி வாங்கிய பிறகே இணைக்க வேண்டும். கேட்பதற்கு, புதிய பில்லில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, நெடுநாளாகப் பதிவில் உள்ள எண்ணில் கூப்பிட வேண்டும். தெரிந்த சப்ளையரின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, வேறு வங்கிக் கணக்கைப் போட்டு பில் அனுப்பும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். பெயர் ஒத்துப்போகிறது என்று லெட்ஜரை இணைத்து வங்கி விவரத்தையும் புதுப்பித்துவிட்டால், அவர்கள் வேலையைக் கம்பெனியே செய்து கொடுத்ததாகிவிடும்.

மூன்றாவது லெட்ஜர் இணைந்ததும் இன்னொன்று தெரிகிறது. அதில் இருக்கும் ஒரே பில், எண் SVP/187, தொகை 18,000. முதல் லெட்ஜரிலும் 187 என்ற எண்ணில் அதே தேதியில் 18,000 ரூபாய்ப் பில் இருக்கிறது. ஒன்று வாட்ஸ்அப் படத்திலிருந்து பதிந்தது, மற்றது பிறகு வந்த தாளிலிருந்து பதிந்தது. ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போயிருக்கிறது. ஒரு சப்ளையர் ஒரு நிதியாண்டில் ஒரே பில் எண்ணை இரண்டு தடவை பயன்படுத்தக் கூடாது என்பது ஜிஎஸ்டி விதி. ஆகவே ஒரே லெட்ஜராக இருந்து, எண்ணும் பில்லில் உள்ளபடியே பதியப்பட்டிருந்தால், மென்பொருளே எச்சரித்திருக்கும். பில் எண்ணுக்கும் பெயரைப் போலவே ஒரு பொது வடிவம் தேவை: எழுத்துகளையும் சாய்கோட்டையும் முன்னால் வரும் பூஜ்யங்களையும் நீக்கி, எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இத்தகைய இரட்டைப் பதிவுகள் வெளிவரும். 

இப்போது உண்மையான ஆண்டு மொத்தம் 1,23,000 அல்ல. அதில் 18,000 கழிந்து 1,05,000. அப்போதும் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. பிடிக்க வேண்டிய டிடிஎஸ் 1,050 ரூபாய். செலவாக ஏற்கப்படாத தொகை 31,500. இருமுறை போன பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும்.

ஐந்தாவது லெட்ஜர்தான் மிக நுட்பமானது. பலகை அதே, கூடம் அதே, போனை எடுப்பவர் அதே ஆள். பெயர் முதல் லெட்ஜரோடு முழுதாகப் பொருந்துகிறது. ஆனால் பான் எண் வேறு, அதன் நான்காவது எழுத்து F. உரிமையாளர் ஆண்டின் நடுவில் மகனைச் சேர்த்துக் கூட்டு நிறுவனம் தொடங்கியிருக்கிறார். சட்டத்தின் முன் இது புதிய ஆள். புதிய பான், புதிய ஜிஎஸ்டி எண், தனி வரம்பு. இதன் மொத்தம் 62,000, வரம்புக்குள்ளேயே இருக்கிறது. இதையும் முதலோடு இணைத்திருந்தால், பிடிக்கத் தேவையில்லாத வரி பிடிக்கப்பட்டு, அது அப்பாவின் தனிப்பட்ட பான் எண்ணில் போய் வரவாகியிருக்கும். கூட்டு நிறுவனத்தின் பில்களோ 2பியில் வேறு எண்ணின் கீழ் நிற்கும். பெயர் நூற்றுக்கு நூறு பொருந்தியும் இணைக்கக் கூடாத ஜோடி இது.

தவறாக இணைப்பதும் இணைக்காமல் விடுவதும் சமமான தவறுகள் அல்ல. இணைக்காமல் விட்டதை அடுத்த மாதமும் இணைக்கலாம். தவறாக இணைத்தால் இருவரின் நிலுவையும் ஒன்றாகக் கலந்துவிடும். ஒருவருக்குச் சேர வேண்டிய பணம் மற்றவருக்குப் போகும். கலந்த பதிவுகளைப் பில்லுக்குப் பில் பிரித்தெடுக்க நாட்கள் ஆகும். அதனால் பெயர் மட்டும் பொருந்தினால் இணைப்பதில்லை, பெயரோடு ஓர் எண்ணாவது பொருந்த வேண்டும் என்று விதி வைத்துக்கொள்வது நியாயம்.

இணைப்பது என்றால் பழைய லெட்ஜரை அழிப்பது அல்ல. முடிந்த காலத்துக்கு ரிட்டர்ன் தாக்கலாகியிருக்கும்; தணிக்கையில் பழைய பெயரோடுதான் பில் வரும். எந்தப் பழைய பெயர் எந்தப் பதிவுக்குச் சேர்ந்தது, எந்தச் சான்றை வைத்து, யார், எந்தத் தேதியில் முடிவு செய்தார் என்று ஒரு பட்டியல் வைத்தால் போதும். டேலியில் ஒரு லெட்ஜருக்கு மாற்றுப் பெயர்கள் கொடுக்கும் வசதி உண்டு. Vel Murugan Printers, SVM Printing என்பவற்றை அதில் போட்டுவிட்டால், பதிகிறவர் எந்தப் பெயரைத் தட்டினாலும் அதே லெட்ஜர் வரும். ‘வேறு என்று உறுதியானவை’ என்றும் ஒரு பட்டியல் தேவை. இல்லாவிட்டால் ஐந்தாவது லெட்ஜரை ஒவ்வோர் ஆண்டும் யாராவது முதல் லெட்ஜரோடு சேர்க்கப் பார்ப்பார்கள்.

ஜிஎஸ்டி பதிவே இல்லாத சிறு தையல்காரர், செக்கிங் செய்பவர் போன்றவர்களுக்கு இந்த முறை பாதிதான் செல்லும். அவர்களிடம் பான் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். அதுவும் கிடைக்காத வரை கைபேசி எண்ணையும் வங்கிக் கணக்கையும் வைத்துத் தற்காலிகமாகப் பிரித்து வைக்கலாம், இணைக்கக் கூடாது.

சிதறல் மறுபடி வராமல் இருக்க, பதியும் இடத்தில் ஒரே ஒரு வரிசை மாற்றம் போதும்: பெயரைத் தேடுவதற்கு முன் ஜிஎஸ்டி எண்ணைத் தேடுவது. எண் பட்டியலில் இல்லை என்றால் மட்டுமே புதிய லெட்ஜர். அதையும் பில் பதிகிறவர் திறக்காமல் இன்னொருவர் பார்த்துத் திறப்பது. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய சப்ளையர்களின் இ-இன்வாய்ஸில் உள்ள க்யூஆர் குறியீட்டில் ஜிஎஸ்டி எண்ணும் பில் எண்ணும் இருக்கின்றன. அதை ஸ்கேன் செய்து எடுத்தால் தட்டச்சே தேவையில்லை. மாதம் ஒருமுறை லெட்ஜர் பட்டியலை எக்செல்லுக்கு எடுத்து, பான் எண் எத்தனை, லெட்ஜர் எத்தனை, எண் காலியாக உள்ளவை எத்தனை என்ற மூன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1,500 லெட்ஜர் உள்ள கம்பெனியிலும் அது அரைமணி நேர வேலைதான். மார்ச் மாதம் வரை காத்திராமல் ஏப்ரலிலேயே தொடங்கிவிடுங்கள்.